முழங்காலுக்குள்ளே ஆறு படங்கள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? மலையடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. பேருந்தில் போகும் நமக்கு இந்த உயரம் காது அடைப்பதோடு சரி. ஆனால் சேர்வராயன் மலைச் சரிவுகளில் நாள்தோறும் ஏறி இறங்கி வேலை செய்பவர்களுக்கு அது வேறு விதமாகத் தெரியும்.

என் மைத்துனர் அப்படிப்பட்டவர். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் மேற்பார்வையாளராக 22 ஆண்டுகள் வேலை பார்த்தவர், வயது 48. "ஏற்றத்தில் மூச்சு, இறக்கத்தில் முட்டி. இரண்டில் ஒன்று பதம் பார்க்கும், மச்சான்" என்று அடிக்கடி சொல்வார். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்கும் அந்தச் சரிவில் அவர் இறங்குவதைப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். வலது காலை ஊன்றும்போது உடம்பு ஒரு பக்கமாகச் சாயும்.

ஒரு காப்பிப் பழ அறுவடையின்போது குந்தியிருந்து எழுந்தவருக்கு வலது முழங்காலின் உட்பக்கத்தில் 'சுரீர்' என்றது. மறுநாள் மூட்டு வீங்கியது. வீக்கம் வடிந்த பிறகும் நடையின் நடுவே ஏதோ மாட்டி விடுபடுவது போல ஓர் உணர்ச்சி இருந்துகொண்டே இருந்தது. மருத்துவர் முதலில் மூன்று மாதம் உடற்பயிற்சி செய்யச் சொன்னார். மாட்டும் உணர்ச்சி மட்டும் போகவில்லை. எனவே சேலத்தில் ஒரு மருத்துவமனையில் 'ஆர்த்ராஸ்கோப்பி' செய்தார்கள். முழங்காலில் இரண்டு சிறு துளைகள் இட்டு, ஒன்றின் வழியே உள்ளே பார்த்து, மற்றொன்றின் வழியே சிகிச்சை செய்யும் முறை இது. வீடு திரும்பும்போது அவர் கையில் ஒரு தாளைக் கொடுத்தனுப்பினார்கள். அதில் கறுப்புச் சட்டத்துக்குள் ஆறு வட்டப் படங்கள் இருந்தன.

அந்தத் தாளை என்னிடம் நீட்டிய மைத்துனரின் மகள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. அவள் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்: "மாமா, இந்த ஆறு படத்திலே அப்பாவுக்கு வலிக்கிற இடம் எது?"

எளிய கேள்விதான். ஆனால் விடை சொல்ல எனக்குப் பல நாள் ஆயிற்று. வாருங்கள், நாமும் அந்தப் படங்களைப் பார்ப்போம். அதற்கு முன்னால் இரண்டு செய்திகள் தெரிந்திருக்க வேண்டும்: முழங்காலின் உள்ளே என்ன இருக்கிறது, அதை எப்படிப் படம் எடுக்கிறார்கள்.

மூட்டின் உள்ளே

முழங்காலில் மேலிருந்து தொடையெலும்பும் கீழிருந்து கீழ்க்கால் எலும்பும் சந்திக்கின்றன. முன்னால் வட்டமான முட்டிச் சில்லு இருக்கிறது. எலும்பும் எலும்பும் நேரடியாக உரசினால் இரண்டும் தேய்ந்துவிடும் அல்லவா? அதனால் அவற்றின் முனைகளில் குருத்தெலும்பு ஒரு பூச்சுப் போலப் படிந்திருக்கிறது. இதன் தடிமன் பெரும்பாலான இடங்களில் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். இதன் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். வழவழப்பில் பனிக்கட்டியையும் மிஞ்சும்.

இந்தக் குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை, நரம்புகளும் இல்லை. இரத்தம் வராததால் காயம் பட்டால் எளிதில் ஆறாது. நரம்பு இல்லாததால் தேய்ந்தாலும் அது தானாக வலியை உணர்த்தாது. இந்த இரண்டாவது செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

தொடையெலும்பின் அடிப்பகுதி உருண்டை. கீழ்க்கால் எலும்பின் மேற்பகுதி ஏறக்குறையத் தட்டை. தட்டையான பலகைமேல் உருண்டையை வைத்தால் ஒரு சிறு இடத்தில்தான் தொடும். இடைவெளியை நிரப்புவதற்காக உட்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாக இரண்டு பிறை வடிவத் தட்டுகள் இருக்கின்றன. இவற்றை மருத்துவர்கள் 'மெனிஸ்கஸ்' என்பார்கள். நாம் பிறைத்தட்டு என்று சொல்வோம். வெளி விளிம்பு தடித்தும் உள் விளிம்பு கத்திமுனை போல மெலிந்தும் இருக்கும். பானை உருளாமல் இருக்க அடியில் வைக்கும் புரிமணையை நினைத்துக்கொள்ளுங்கள். பானையின் எடை ஒரு புள்ளியில் இறங்காமல் சுற்றிலும் பரவுகிறது. பிறைத்தட்டின் வேலையும் அதுவே.

பிறைத்தட்டின் வெளி விளிம்பில் மட்டும் இரத்த ஓட்டமும் நரம்புகளும் உண்டு. உள் விளிம்பில் இரண்டும் இல்லை. எனவே வெளி விளிம்பில் ஏற்படும் கிழிசலைத் தைத்தால் ஒட்ட வாய்ப்பு உண்டு. உள் விளிம்பில் ஏற்படும் கிழிசல் ஒட்டுவது அரிது.

ஒரு பென்சிலைவிட மெல்லிய குழல்

முழங்காலுக்குள் முதலில் எட்டிப் பார்த்தவர்களுள் ஒருவர் ஜப்பானைச் சேர்ந்த கெஞ்சி தக்காகி. 1918-ஆம் ஆண்டில் தோக்கியோவில், சிறுநீர்ப்பையைப் பார்க்கப் பயன்படும் குழலைக் கொண்டு, இறந்தவர் ஒருவரின் முழங்காலை அவர் ஆராய்ந்தார். அக்காலத்தில் மூட்டில் காசநோய் வந்தால் முழங்கால் மடங்காமல் விறைத்துவிடும். தரையில் மண்டியிட்டு அமரும் ஜப்பானியருக்கு அது பெருந்துன்பம். சம்மணமிட்டு உட்காரும் நமக்கும் இது புரியும். நோயை முன்கூட்டியே கண்டுகொள்ள வேண்டும் என்பதே அவர் எண்ணம்.

அவருடைய மாணவர் மசாக்கி வத்தனாபே கருவியை மேலும் மேலும் திருத்தினார். 1950-களின் இறுதியில் வந்த அவருடைய 21-ஆம் எண் கருவி புகழ்பெற்றது. 1962-இல் அவர் கிழிந்த பிறைத்தட்டின் ஒரு பகுதியை இந்த வழியில் முதன்முதலாக வெட்டி எடுத்தார். ஆனால் 21-ஆம் எண் கருவியின் முனையில் ஒரு குட்டி மின்விளக்கு இருந்தது. அது மூட்டுக்குள்ளேயே உடைந்துவிடக்கூடும்!

இந்தச் சிக்கலைத் தீர்த்தது இயற்பியல். விளக்கை வெளியே வைத்துக்கொண்டு வெளிச்சத்தை மட்டும் உள்ளே அனுப்ப முடியுமா? கண்ணாடி இழைக்குள் புகும் ஒளி அதன் பக்கச் சுவரில் மிகச் சாய்வாக விழுந்தால் வெளியேறாமல் திரும்பத் திரும்ப உள்ளேயே எதிரொளிக்கும். இதுவே நீங்கள் படித்திருக்கும் முழு அக எதிரொளிப்பு. இழைக் கற்றை வழியே பிம்பத்தையே கடத்திக் காட்டிய ஓர் ஆய்வுக் கட்டுரையை 1954-இல் இலண்டனில் ஹெரால்டு ஹாப்கின்ஸ் என்பவரும், பஞ்சாபில் பிறந்த நம் நாட்டவர் நரிந்தர் சிங் கபானியும் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். இன்றைய கருவியில் ஒளி இழைகள் வெளிச்சத்தை உள்ளே கொண்டுபோகின்றன.

பிம்பத்தை வெளியே கொண்டுவருவது ஹாப்கின்சின் மற்றொரு யோசனை. பழைய குழல்களில் நீண்ட காற்றிடைவெளிகளுக்கு நடுவே மெல்லிய கண்ணாடி வில்லைகள் இருந்தன. ஹாப்கின்ஸ் அதை அப்படியே திருப்பிப் போட்டார். நீண்ட கண்ணாடித் தண்டுகளை வைத்து, அவற்றின் நடுவே சிறு காற்றிடைவெளிகளை விட்டார். அந்தக் காற்றிடைவெளிகளே வில்லைகளாக வேலை செய்தன. மெல்லிய குழலிலும் பிம்பம் பன்மடங்கு வெளிச்சமாகத் தெரிந்தது.

இப்போது முழங்காலுக்குப் பயன்படும் குழலின் விட்டம் பொதுவாக 4 மில்லிமீட்டர். உங்கள் பென்சில் இதைவிடத் தடிமன். குழலின் வெளி முனையில் ஒரு சிறிய மின்னணுப் படக்கருவி பொருத்தப்பட்டிருக்கும். உள்ளே தெரிவதை மருத்துவர் திரையில் பார்ப்பார். மைத்துனருக்கு முதுகில் மரத்துப்போகும் ஊசி மட்டுமே போட்டிருந்தார்கள். ஆகையால் அவரும் கொஞ்ச நேரம் அந்தத் திரையைப் பார்த்தாராம். "தண்ணிக்குள்ளே டார்ச் அடிச்ச மாதிரி இருந்துச்சு" என்றார்.

அவர் சொன்னது சரியே. மூட்டின் உள்ளே இயல்பாக வெற்றிடம் கிடையாது; எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் மூட்டுக்குள் உப்புநீரை ஓடவிட்டு விரிக்கிறார்கள். வெறும் நீர் உயிரணுக்களைக் கெடுக்கும் என்பதால் உடலுக்கு ஏற்ற அளவில் உப்புக் கலந்த நீர். அந்த உப்புநீர்ப் பையை முழங்காலிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டால் என்ன அழுத்தம் கிடைக்கும்? அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் ஆகிய மூன்றையும் பெருக்குங்கள்: 1000 × 9.8 × 1 = 9800 பாஸ்கல். பாதரச அளவில் ஏறத்தாழ 74 மில்லிமீட்டர். நுண்ணிய இரத்தக் குழாய்களில் உள்ள அழுத்தத்தைவிட இது அதிகம். எனவே சிறு கசிவுகள் அடங்கிப் படம் தெளிவாகிறது. பை காலியாகி அழுத்தம் குறைந்தால் திரையில் செந்நிறப் புகை படர்வது போல இரத்தம் கலங்கும். மருத்துவர் உடனே நிமிர்ந்து பையைப் பார்ப்பார்!

படங்களைப் படிப்போம்

இனி அந்தத் தாளை எடுத்துக்கொள்வோம்.

முதல் படம், முட்டிச் சில்லின் அடிப்பக்கம். படத்தின் மேற்பகுதியில் வெண்மையான கூரை போலத் தெரிகிறது. நல்ல குருத்தெலும்பு இளநீரின் வழுக்கை போல வெளுத்து, ஈரப் பளபளப்புடன், ஒரு கீறலும் இல்லாமல் இருக்கும். இங்கே நடுவில் மட்டும் பளபளப்பு இல்லை. நனைந்த பஞ்சின் நார்கள் போலச் சில இழைகள் தொங்குகின்றன. உப்புநீர் ஓடும்போது அவை ஓடைப் பாசி போல ஆடுமாம்.

இரண்டாம் படம், தொடையெலும்பின் உட்பக்க உருண்டை. இங்கே தேய்வு இன்னும் ஆழம். விளிம்பு கரடுமுரடான ஒரு பள்ளம் தெரிகிறது. பள்ளத்தின் பக்கத்தில் ஒரு மெல்லிய உலோகக் கொக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கொக்கிக்குத் தனிக் கதை உண்டு, சற்றுப் பொறுங்கள்.

மூன்றாம் படம், உட்பக்கப் பிறைத்தட்டின் பின்பகுதி. கத்திமுனை போல ஒழுங்காக இருக்க வேண்டிய விளிம்பு பிய்ந்து, ஒரு துண்டு நாக்குப் போல நீட்டிக்கொண்டிருக்கிறது. கொக்கி அந்த நாக்கைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. நடக்கும்போது எலும்புகளுக்கிடையே சிக்கி விடுபட்டது இதுவாக இருக்கலாம்.

நான்காம் படம், மூட்டின் நடுவே குறுக்காகச் செல்லும் இணைப்பு நார். முறுக்கிய கயிறு போல, சிறு இரத்த நாளங்கள் மேலே ஓட, நலமாக இருக்கிறது.

ஐந்தாம் படம், வெளிப்பக்கம். குருத்தெலும்பு வழுவழுப்பு, பிறைத்தட்டின் விளிம்பு கூர்மை. மற்றப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல படம் கிடையாது. ஒரே மனிதர், ஒரே முழங்கால், ஆனால் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது.

ஆறாம் படம், மூன்றாம் படத்தின் இடமே. பிய்ந்த நாக்கை மட்டும் நறுக்கிவிட்டு, மீதியைச் சீர்செய்து விட்டிருக்கிறார்கள்.

படம் ஏமாற்றும் இடங்கள்

மைத்துனரின் மகள் இரண்டாம் படத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள். "இவ்வளவு பெரிய குழியா, மாமா?" என்றாள். தாளில் அந்தப் பள்ளம் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

இங்கேதான் கொக்கி உதவுகிறது. குழலின் முனை பொருளுக்கு 1 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கும்போது தெரியும் அளவைவிட, 2 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கும்போது அது ஏறத்தாழப் பாதி அளவாகத் தெரியும். பரப்போ கால் பங்காகிவிடும். எனவே படத்தை மட்டும் பார்த்து அளவு சொல்லவே முடியாது. பக்கத்தில் அளவு தெரிந்த ஒரு பொருள் வேண்டும். அந்தக் கொக்கியின் வளைந்த நுனி 4 மில்லிமீட்டர் நீளம். பள்ளத்தின் அகலம் மூன்று கொக்கி நுனி. ஆகவே 12 மில்லிமீட்டர். சிறியதல்ல, ஆனால் அவள் பயந்த அளவும் அல்ல.

கொக்கிக்கு இன்னொரு வேலையும் உண்டு. குருத்தெலும்பின் கேடு முதலில் மென்மையாகத் தொடங்குகிறது. மேற்பரப்பு பார்வைக்கு முழுசாக இருக்கும். கொக்கியால் அழுத்தினால் மட்டும் அமுங்கும். 1961-இல் கனடா நாட்டு மருத்துவர் அவுட்டர்பிரிட்ஜ் இந்தக் கேட்டை நான்கு படிகளாகப் பிரித்தார். வெறும் மென்மை முதற்படி. வெடிப்பும் பிசிறும் சிறிய இடத்தில் இருந்தால் இரண்டாவது, பெரிய இடத்தில் இருந்தால் மூன்றாவது. எலும்பே வெளிப்பட்டுவிட்டால் நான்காவது. முதற்படியைப் புகைப்படம் காட்டாது. விரலின் உணர்ச்சிதான் காட்டும். மைத்துனரின் பள்ளத்தை மருத்துவர் மூன்றாம் படி என்று குறித்திருந்தார்.

திசையும் ஏமாற்றும். குழலின் முனை நேராகப் பார்ப்பதில்லை. பெரும்பாலும் 30 பாகை சாய்வாகப் பார்க்கும்படி செய்திருப்பார்கள். குழலை நகர்த்தாமல் அதன் அச்சிலேயே சுழற்றினால் பார்வை ஒரு கூம்பு போலச் சுற்றி வரும்; மூலை முடுக்கெல்லாம் தெரியும். அதனால் படக்கருவி எப்படிப் பிடிக்கப்பட்டது என்று தெரியாமல் படத்தின் 'மேல்' உண்மையிலேயே மேல்தான் என்று சொல்ல முடியாது. குழலின் முனையே குருத்தெலும்பைக் கீறிவிடுவதும் உண்டு. அப்படிப்பட்ட கீறல் நேராக, கூர்மையான விளிம்போடு இருக்கும். தேய்வின் விளிம்பு பிசிறாக இருக்கும். பழகிய கண் இரண்டையும் பிரித்தறியும்.

இறக்கத்தின் கணக்கு

உட்பக்கம் மட்டும் ஏன் இப்படி ஆயிற்று? நடக்கும்போது பெரும்பாலோருக்கு எடையின் பெரும்பங்கு முழங்காலின் உட்பக்கத்தில்தான் இறங்குகிறது. அதோடு இறக்கத்தின் கணக்கையும் பாருங்கள்.

60 கிலோகிராம் எடையுள்ளவர் ஒரு காலை மடக்கி ஊன்றி, மறுகாலைக் கீழ்ப்படியில் வைக்கப்போகிறார். அவர் எடை ஏறத்தாழ 600 நியூட்டன். அது செயல்படும் கோடு முழங்காலின் அச்சுக்கு 10 சென்டிமீட்டர் பின்னால் விழுவதாகக் கொள்வோம். அப்படியானால் காலை மடக்கப் பார்க்கும் திருப்புத்திறன் 600 × 0.1 = 60 நியூட்டன் மீட்டர். கால் மடிந்து விழாமல் தடுப்பது தொடையின் முன்தசை. அதன் நாண் முட்டிச் சில்லு வழியாக வந்து அச்சுக்கு முன்னால் சுமார் 4 சென்டிமீட்டர் தொலைவில் இழுக்கிறது. எனவே இழுவிசை 60 ÷ 0.04 = 1500 நியூட்டன். இந்த இழுப்பும் எலும்பை எலும்போடு அழுத்துகிறது. எடையையும் கூட்டினால் 2100 நியூட்டன். அதாவது உடல் எடையைப்போல மூன்றரை மடங்கு!

இது நம் எளிய கணக்கு. உண்மையில் என்ன? பெர்லின் நகர ஆய்வாளர்கள் செயற்கை முழங்கால் மூட்டுக்குள்ளேயே விசையை அளக்கும் கருவியைப் பொருத்தி நோயாளிகளை நடக்கவிட்டார்கள். 2010-இல் அவர்கள் வெளியிட்ட சராசரி உச்ச அளவுகள்: சமதளத்தில் நடக்கையில் உடல் எடையைப்போல 2.6 மடங்கு, படி ஏறுகையில் 3.2 மடங்கு, படி இறங்குகையில் 3.5 மடங்கு. மைத்துனரின் பழமொழி சரியாகத்தான் இருக்கிறது!

தோட்டத்தில் ஒரு நாளில் 100 மீட்டர் உயரம் இறங்குகிறார் என்று வையுங்கள். அடிக்கு 20 சென்டிமீட்டர் என்றால் 500 அடிகள்; ஒரு முழங்காலுக்கு 250. ஒவ்வொன்றும் 2100 நியூட்டன்.

இந்த விசை எவ்வளவு பரப்பில் பரவுகிறது என்பதே அடுத்த கேள்வி. பிறைத்தட்டுகள் நலமாக இருக்கும்போது தொடும் பரப்பு 10 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், சதுர சென்டிமீட்டருக்கு 210 நியூட்டன். பிறைத்தட்டை முழுதும் எடுத்துவிட்டால் பரப்பு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறையும். அழுத்தம் 420 நியூட்டனோ அதற்கு மேலோ ஆகும். ஒரு காலத்தில் பிறைத்தட்டு பயனற்ற மிச்சம் என்று கருதி, கிழிந்தால் முழுதும் எடுத்துவிடுவார்கள். 1948-இல் பிரிட்டிஷ் மருத்துவர் ஃபேர்பேங்க், அப்படி எடுக்கப்பட்டவர்களின் எக்ஸ்-ரே படங்களில் மூட்டு இடைவெளி குறைவதையும் எலும்பு தட்டையாவதையும் காட்டினார். ஆறாம் படத்தில் நாக்கை மட்டும் நறுக்கி மீதியை விட்டுவைத்ததன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

வலி எந்தப் படத்தில்?

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம்.

பார்க்கப் பயங்கரமாக இருப்பது இரண்டாம் படத்தின் பள்ளம். ஆனால் அங்கே நரம்பே இல்லை. மூன்றாம் படத்தின் நாக்கும் நரம்பில்லாத உள் விளிம்பைச் சேர்ந்தது. வலியை உணரும் நரம்புகள் இருப்பது மூட்டைச் சுற்றியுள்ள உறையிலும், குருத்தெலும்புக்கு அடியிலுள்ள எலும்பிலும், பிறைத்தட்டின் வெளி விளிம்பிலும். தேய்வும் கிழிசலும் இவற்றைத் தூண்டினால் வலிக்கும், தூண்டாவிட்டால் வலிக்காது.

அமெரிக்காவில் ஃபிரேமிங்காம் என்னும் ஊரில் 50 முதல் 90 வயது வரையுள்ள 991 பேரின் முழங்கால்களைக் காந்த அதிர்வுப் படம் எடுத்துப் பார்த்தார்கள். 2008-இல் முடிவு வெளியாயிற்று. பிறைத்தட்டில் கிழிசல் இருந்தவர்களில் 61 விழுக்காட்டினருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முழங்காலில் வலியோ விறைப்போ இல்லை! அதாவது கிழிசல் இருப்பது வேறு. அதுதான் வலிக்குக் காரணம் என்பது வேறு.

அப்படியானால் கிழிசலை நறுக்கினால் வலி குறைவது ஏன் என்று கேட்பீர்கள். மைத்துனருக்கும் மாட்டும் உணர்ச்சி சில வாரங்களில் நின்றது. ஆனால் ஓர் இயற்பியல் மாணவன் உடனே கேட்க வேண்டிய கேள்வி: நறுக்காமல் விட்டிருந்தால் நின்றிருக்காதா? ஒரே மனிதரை வைத்து இதற்கு விடை காண முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு வேண்டும்.

அப்படி ஒரு சோதனையைப் பின்லாந்தில் ஐந்து மருத்துவமனைகளில் செய்தார்கள். பங்கு பெற்றவர்கள் 146 பேர். வயது 35 முதல் 65 வரை. அடிபடாமல் நாளடைவில் நைந்து கிழிந்த உட்பக்கப் பிறைத்தட்டு உள்ளவர்கள். ஆனால் மூட்டுத் தேய்மானம் இல்லாதவர்கள். எல்லோருக்கும் குழல் விட்டுப் பார்த்து, கிழிசல் இருப்பதை உறுதி செய்தார்கள். பிறகு குலுக்கல் முறையில் 70 பேருக்குக் கிழிசலை நறுக்கினார்கள். 76 பேருக்கு நறுக்குவது போன்ற ஒலியும் அசைவும் மட்டுமே. உள்ளே எதையும் வெட்டவில்லை. இதற்கு எல்லோரும் முன்னரே சம்மதித்திருந்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. ஓராண்டுக்குப் பின் இரு குழுவினருக்கும் வலி குறைந்திருந்தது, ஏறத்தாழ ஒரே அளவில்! 2013-இல் இது வெளியாயிற்று. தேய்ந்த மூட்டு உள்ள 180 பேரிடம் ஹூஸ்டன் நகரில் நடத்திய இத்தகைய சோதனையின் முடிவு அதற்கு முன்பே, 2002-இல் வந்திருந்தது. தேய்ந்த பிசிறைச் சுரண்டிக் கழுவியவர்களும் தோலில் மட்டும் கீறப்பட்டவர்களும் இரண்டு ஆண்டு கழித்தும் வேறுபடவில்லை.

இதனால் எல்லா ஆர்த்ராஸ்கோப்பியும் வீண் என்று எண்ணிவிடாதீர்கள். கபடி ஆட்டத்தில் கால் ஊன்றித் திரும்பும்போது ஓர் இளைஞனின் பிறைத்தட்டு நீளவாக்கில் கிழிந்து, வாளியின் கைப்பிடி போல நடுவே புரண்டு சிக்கிக்கொண்டால், முழங்காலை நீட்டவே முடியாது. அங்கே அந்தப் பட்டையை இடத்தில் தள்ளித் தைப்பதோ எடுப்பதோ தேவையான சிகிச்சை. அந்தச் சோதனைகள் சொல்வது நடு வயதில் நைந்துபோகும் கிழிசலையும் தேய்வையும் பற்றித்தான்.

மைத்துனரின் மருத்துவரும் இதை மறைக்கவில்லை. "நாக்கை எடுத்திருக்கேன். தேய்ஞ்சதைத் திருப்பி வைக்க எங்ககிட்ட ஒண்ணும் இல்லைங்க. தொடைத் தசையைப் பலப்படுத்துங்க, அதுதான் உங்களுக்கு பிரேக்" என்றார். மைத்துனர் இப்போது காலையில் நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டி மடக்குகிறார். இறக்கத்தில் கைத்தடி ஊன்றுகிறார். குறுக்குப் பாதையை விட்டுச் சுற்றுப் பாதையில் வருகிறார். செங்குத்தான இறக்கத்தில் முழங்கால் இன்னும் முணுமுணுக்கிறது.

"அப்போ படம் பொய்யா, மாமா?" என்றாள் அவர் மகள்.

"பொய் இல்லை, கண்ணு. கேட்ட கேள்விக்கு மட்டும்தான் அது பதில் சொல்லும். 'எங்கே தேய்ஞ்சிருக்கு, எங்கே கிழிஞ்சிருக்கு'ன்னு கேட்டா சரியாச் சொல்லும். 'எங்கே வலிக்குது'ன்னு கேட்டா, அதை அப்பாகிட்டேதான் கேக்கணும்."

அவள் தாளை மடித்துவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பினாள். அவர் முழங்காலின் உட்பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு தாளைச் சுருட்டி விரல் தடிமனுள்ள குழல் செய்யுங்கள். நண்பரிடம் மேசைமேல் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம் வரையச் சொல்லுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, குழல் வழியே வட்டத்தை மட்டும் பார்த்து, அதன் விட்டத்தைச் சொல்லுங்கள். குழலை அருகிலும் தொலைவிலும் மாற்றி மாற்றிப் பாருங்கள். உங்கள் விடைகள் எவ்வளவு மாறுகின்றன? இப்போது வட்டத்தின் பக்கத்தில் ஒரு தீக்குச்சியை வைக்கச் சொல்லி மீண்டும் மதிப்பிடுங்கள். கொக்கியின் அருமை உடனே விளங்கும்.

ஒரு கணக்கு: 45 கிலோகிராம் எடையுள்ள மாணவர் முழங்காலை இன்னும் அதிகமாக மடக்கி இறங்குகிறார். எடையின் கோடு அச்சுக்கு 14 சென்டிமீட்டர் பின்னால் விழுகிறது. மூட்டில் விழும் விசை அவர் எடையைப்போல எத்தனை மடங்கு? (விடை: 4.5 மடங்கு.)